“அது கம்பனிட கடன் தம்பி, என்ர கடன் இல்ல”: முப்பத்தேழு இலட்சத்துக்குப் பின்னால் போன கதை

மட்டக்களப்புப் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வயல்காரப் போடிமாரிடம் நெல் எடுத்து மில்லுக்குக் கொடுக்கும் யாவாரம் எங்களுடையது. போன வருடம் பெரும்போகத்தில் அம்பாறைக் கரையோரத்தில் உள்ள ஒரு மில்லுக்கு மூன்று தடவை நெல் ஏற்றினேன். முதல் தடவை 14 இலட்சம், இரண்டாவது 15, மூன்றாவது 19. மொத்தம் 48 இலட்சத்தில் கைக்கு வந்தது 11 இலட்சம். மிச்சம் 37. அதில் பெரும்பகுதி என் காசே இல்லை. களவெட்டியில் வைத்து “பேந்து தாங்க மனே” என்று நெல்லை விட்ட ஆட்களின் காசு. அவர்களுக்குக் கொடுக்க வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்தபோது இருந்த அவமானத்தை எழுதி விளங்கப்படுத்த ஏலாது. அதை விட்டுவிட்டு, கம்பனி என்றால் என்ன, அதன் பின்னால் நிற்கும் ஆளை எப்போது பிடிக்கலாம், எப்போது பிடிக்க ஏலாது என்று நான் காசு கட்டிப் படித்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருந்தால் மூன்றாவது லொறி வெளிக்கிட்டிராது.

அந்த மில் ஒரு ஆளுடையது என்றுதான் ஊர் முழுக்க நம்பியது. முதலாளி என்று ஒருவர், கதிரையில் இருப்பதும் அவர், விலை பேசுவதும் அவர், செக்கில் கையெழுத்துப் போடுவதும் அவர். பங்குனி முடியக் காசு கேட்டால் “நான் இரிக்கன்தானே, என்ன யோசினை” என்பார். ஏப்ரல் கடைசியில் தந்த 12 இலட்சத்துச் செக் வங்கியில் திரும்பியது. ஜூனில் மில்லுக்குப் பூட்டு. ஜூலையில் அதே மில்லில் புதுப் பெயரில் பலகை. அதே வேலையாட்கள், அதே தொலைபேசி இலக்கம், அதே கதிரையில் அதே ஆள். போய்க் கேட்டபோதுதான் தலைப்பில் உள்ள வசனத்தைச் சொன்னார். பழைய கம்பனியில் இப்போது ஒன்றும் இல்லையாம், புதுக் கம்பனிக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லையாம். அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சட்டப்படி அதில் முக்கால்வாசி உண்மை என்று தெரிய இன்னும் ஆறு மாதம் எடுத்தது.

அந்த ஆறு மாதம்தான் என் முதல் பிழை. பள்ளிவாசல் தலைவரையும் கோயில் வண்ணக்கரையும் பிடித்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். டிசம்பர் கடைசியில் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் போனபோது, கம்பனியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னமே மிஸ் கேட்டது திகதி. எங்கள் காலவிதிப்புச் சட்டத்தில், விற்றுக் கையளித்த பொருளின் காசுக்கும் கடைப் பில்லுக்கும் வழக்குப் போட, கடன் கொடுபட வேண்டிய நாளில் இருந்து ஒரு வருடம்தான் இருக்கிறது. எழுத்தில் உடன்படிக்கை இருந்தால் 6 வருடம், எழுத்தில்லாத உடன்படிக்கைக்கு 3 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நெல்லை ஏற்றிவிட்டுப் பில் எழுதினவன் அந்த ஒரு வருடத்துக்குள் விழுவான். என் முதல் லொறிக்கு 30 நாள் தவணை, அது பங்குனியில் முடிந்தது. ஆக இன்னும் மூன்று மாதமும் கிடையாது. கடன்காரன் கையெழுத்து வைத்து “இவ்வளவு தரவேண்டியிருக்கு” என்று எழுதித் தந்தால் காலம் அந்தத் திகதியில் இருந்து புதிதாக ஓடும். கொஞ்சக் காசு கட்டினாலும் அதற்குப் பலன் உண்டு. என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் “தாறன்” என்ற ஒரு சொல். அது கையெழுத்துக்கு ஈடாகுமா என்பதை வைத்தே ஒரு வருடம் வாதாடலாம், அந்த வாதத்துக்குள் போகாமல் இருப்பதுதான் நல்லது என்றார் மிஸ். பாக்கிக் கணக்கு எழுதி ஆறு மாதத்துக்கு ஒருக்கா கையெழுத்து வாங்குங்கள். சண்டை வருவதற்கு முன் கேட்டால் எந்த முதலாளியும் போட்டுத் தருவார்.

பிறகு பில்களை மேசையில் பரப்பிக் கேட்டார்: “அண்ணா, நெல்லை ஆருக்கு வித்தீங்க?” முதலாளிக்கு என்றேன். முதல் இரண்டு பில்லிலும் நானே எழுதியிருந்தது கம்பனியின் பெயர், “(பிரைவேட்) லிமிட்டட்” என்ற வாலோடு. வந்த 11 இலட்சமும் கம்பனிக் கணக்கில் இருந்து. செக்கும் கம்பனிச் செக். ஆக 37 இலட்சத்தின் கடனாளி கம்பனி. அந்த ஆள் கம்பனியின் பணிப்பாளர், பங்குக்காரர், அவ்வளவுதான்.

இதற்கு வேர் 1897இல் லண்டனில் முடிந்த சாலமன் வழக்கு. சப்பாத்து செய்த ஆரன் சாலமன் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பனிக்கு விற்றார். 20,007 பங்கில் 20,001 அவருக்கு, மிச்சம் ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. கம்பனி முறிந்தது, கடன் கொடுத்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் கம்பனி வெறும் பொம்மை என்றன. பிரபுக்கள் சபை அதைத் திருப்பிப் போட்டது: சட்டம் கேட்டபடி பதிந்திருந்தால் கம்பனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள். பங்கு முழுக்க ஒருவர் கையில் இருப்பதால் மட்டும் அந்தக் கோடு அழியாது. லண்டன் தீர்ப்பு கல்முனையில் என்ன செய்யும் என்று நானும் கேட்டேன். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், கம்பனி விடயங்களில் எங்கள் சட்டம் வேறாகச் சொல்லாத இடத்தில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் கம்பனியைத் தனி ஆளாகவே வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி ஒரு பங்குக்காரரும் ஒரு பணிப்பாளரும் இருந்தாலே தனியார் கம்பனி நடத்தலாம். ஆகவே “கம்பனி என்றாலும் அவர் ஒரு ஆள்தானே” என்பது நீதிமன்றத்தில் நிற்காத பேச்சு.

அப்போ கம்பனித் திரையைக் கிழித்து, பின்னால் நிற்கும் ஆளையே பொறுப்பாக்குவது என்று ஒன்று இருக்கிறதே என்று நான் இணையத்தில் வாசித்ததைச் சொன்னேன். மிஸ் சிரித்தார். கிழிப்பார்கள், ஆனால் நினைப்பதை விட மிகக் குறைவாக. இதில் இரண்டு வழக்குகளை வைத்து அவர் விளங்கப்படுத்திய விதம் எனக்கு நல்லாப் பிடித்தது. 1933இல் கில்ஃபர்ட் மோட்டார் வழக்கு. அந்தக் கம்பனியின் முகாமைப் பணிப்பாளராக இருந்த ஹோர்ன், விலகிய பிறகு அவர்களுடைய வாடிக்கையாளரை இழுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர். விலகிப் போய்த் தன் பெயரில் செய்தால் மாட்டுவேன் என்று வேறு ஆட்களை முன்னால் வைத்து ஒரு கம்பனி திறந்து அதே வேலையைச் செய்தார். நீதிமன்றம் அவரையும் கம்பனியையும் சேர்த்துத் தடுத்தது. 1962இல் ஜோன்ஸ் எதிர் லிப்மன். லிப்மன் தன் வீட்டை 5,250 பவுணுக்கு விற்க ஒப்பந்தம் எழுதிவிட்டு, மனம் மாறி, ஒரு கம்பனியை வாங்கி அதன் பெயருக்கு வீட்டை எழுதினார். அந்தக் கம்பனி அவர் முகத்துக்கு முன்னால் பிடித்த முகமூடி என்று சொல்லி, இரண்டு பேரும் வீட்டைக் கொடுக்கவேண்டும் என்று தீர்த்தார்கள்.

இரண்டிலும் ஒரே அமைப்பு. கடமை அந்த ஆளின் தோளில் முதலே இருந்தது. அதைக் கழற்றத்தான் பிறகு கம்பனியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பிரெஸ்ட் எதிர் பெட்ரோடெல் வழக்கில் இதைத்தான் ஒழுங்காக எழுதி வைத்தது. ஏற்கெனவே உள்ள தன் சட்டக் கடமையைத் தப்பிக்கவோ, அதை நிறைவேற்ற முடியாமல் ஆக்கவோ ஒருவர் தன் கட்டுப்பாட்டில் உள்ள கம்பனியை வேண்டுமென்று இடையில் போட்டால் மட்டும் திரையைக் கிழிக்கலாம். அதுவும் வேறு சட்ட வழி எதுவும் இல்லாவிட்டால்தான். கம்பனிக்குப் பின்னால் உண்மையில் ஆர் இருக்கிறார் என்று பார்ப்பது வேறு, அதற்குத் திரையைக் கிழிக்கத் தேவையே இல்லை. அது விவாகரத்துச் சொத்து வழக்கு. கணவரின் கம்பனிகளின் பெயரில் இருந்த வீடுகளை மனைவி வென்றார், ஆனால் திரை கிழிந்து அல்ல: வீடுகளைக் கம்பனிகள் கணவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தன என்று கண்டதால்.

இப்போது என் கதையை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நெல் வாங்கிய நாளில் முதலாளியின் தோளில் கடன் இருந்ததா? இல்லை. கம்பனி முதலே இருந்தது, கடன் பிறந்ததே கம்பனியின் தோளில். அவர் எதையும் தன்னிடமிருந்து கழற்றவில்லை. சாலமன் செய்ததைத்தான் இவரும் செய்தார், அது கள்ளம் அல்ல. எனக்கு இதைக் கேட்க வயிறு எரிந்தது. ஆனால் எரிச்சல் வழக்காகாது.

சரி, புதுக் கம்பனி? அது பழைய கம்பனியின் முகமூடிதானே? இங்கேதான் நான் மட்டும் இல்லை, சில சட்டத்தரணிகளும் வழுக்குவார்கள் என்று மிஸ் சொன்னார். 1993இல் கிரீசி எதிர் பிரீச்வுட் மோட்டர்ஸ் என்று அப்படியே எங்கள் கதை போன்ற ஒரு வழக்கு. வேலையால் நிறுத்தப்பட்ட கராஜ் முகாமையாளர் பழைய கம்பனிக்கு எதிராக நட்டஈடு கேட்கிறார், அதற்குள் அதே ஆட்கள் தொழிலையும் சொத்தையும் இன்னொரு கம்பனிக்கு மாற்றிவிடுகிறார்கள், மற்றக் கடன்கள் தீர்க்கப்படுகின்றன, அவருக்கு மட்டும் வெறுங்கூடு. நீதிபதி புதுக் கம்பனியைப் பதிலாளியாக்கினார். இணையத்தில் இதைக் கண்டால் நெஞ்சு குளிரும். ஆனால் 1998இல் ஓர்ட் எதிர் பெல்ஹேவன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கிரீசி பிழை என்று சொல்லிவிட்டது. சொத்தை மாற்றியது பிழையென்றால் அந்த மாற்றத்தைத் தாக்கு, ஒரு கம்பனியின் கடனை இன்னொரு கம்பனியின் தலையில் வைக்காதே என்பது அதன் சாரம். எங்கள் வழக்கின் திசையைத் தீர்மானித்தது இந்த ஒரு வசனம்தான். ஆளைத் துரத்தாமல் பொருளைத் துரத்துவது.

பொருளைத் துரத்த முதலில் கம்பனியின் கடதாசிகள் வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eROC தளத்தில் பெயரைத் தட்டினால் PV என்று தொடங்கும் இலக்கத்தோடு கம்பனி இருக்கிறதா என்று பார்க்கலாம். இதைச் செய்ய மூன்று நிமிடம் போதும். நான் நெல் ஏற்ற முதல் செய்யவில்லை. கோப்பில் உள்ள படிவங்களின் பிரதியைத் திணைக்களத்தில் காசு கட்டி எடுக்கலாம். நாங்கள் எடுத்தது நான்கு. பதிவு நேரத்துப் படிவம் 1: ஆர் பங்குக்காரர், மூலதனம் எவ்வளவு, பதிவு அலுவலகம் எங்கே என்று அதில் இருந்தது. 37 இலட்சம் தரவேண்டிய கம்பனியின் கூறப்பட்ட மூலதனம் ஆயிரம் ரூபாய். அது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் முதலே பார்த்திருந்தால் எனக்கு ஒரு சேதி. படிவம் 20: பணிப்பாளர் மாறிய திகதி. முதலாளி ஜூனிலேயே விலகி, மனைவியின் தம்பியைப் போட்டிருந்தார். விலகியதால் அவர் பணிப்பாளராக இருந்த காலத்துப் பொறுப்பு அழியாது, ஆகவே அந்தத் திகதியை வட்டமிட்டு வைத்தோம். படிவம் 13: பதிவு அலுவலக மாற்றம். நான் மில் விலாசத்துக்கு அனுப்பிய இரண்டு கோரிக்கைக் கடிதமும் வீண். பதிவு அலுவலகம் அம்பாறையில் கம்பனிச் செயலாளரின் விலாசம். சட்டக் கோரிக்கையை அங்கேதான் கையளிக்க வேண்டும்.

நாலாவது படிவம் 10, அடமானப் பதிவு. மில்லில் நிற்கும் அரிசி தரம்பிரிக்கும் இயந்திரம்தான் பெரிய சொத்து என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். படிவத்தைப் பார்த்தால் அது வங்கிக்கு ஈடு. பதிந்த ஈடு வைத்திருப்பவர் வரிசையில் முன்னால் நிற்பார், பில் மட்டும் வைத்திருப்பவன் கடைசிப் பெட்டியில். மில் நிலமும் கம்பனியுடையது இல்லை, முதலாளியின் வாப்பாவிடம் வாடகைக்கு எடுத்தது. மிஞ்சியது கம்பனி பெயரில் ஈடில்லாமல் நின்ற ஒரு லொறியும், மில் பூட்டின நேரம் களஞ்சியத்தில் இருந்த நெல்லும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவை எடுத்தபோது லொறி மே மாதம் முதலாளியின் மனைவியின் பெயருக்கு மாறியிருந்தது. காசு கைமாறியதற்கு ஒரு துண்டும் இல்லை. நெல் புதுக் கம்பனிக்குப் போயிருந்தது, அதற்கும் காசு வரவில்லை: பழைய கம்பனி பணிப்பாளருக்குத் தரவேண்டிய கடனில் கழித்ததாக எழுதியிருந்தார்கள்.

இதற்கு எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் நூற்றாண்டு காலமாக ஒரு வழி இருக்கிறது. போலியன் வழக்கு என்பார்கள். கடன்காரன் கடன் கொடுத்தவரை ஏமாற்றச் சொத்தை மாற்றினால், அந்த மாற்றத்தை நீக்கிச் சொத்தைக் கடன்காரனின் பெயருக்கே கொண்டுவரக் கேட்கலாம். அந்த மாற்றத்தால் கடன்காரனிடம் கடனைத் தீர்க்கச் சொத்தில்லாமல் போனதையும், ஏமாற்றும் எண்ணம் இருந்ததையும் காட்டவேண்டும். நன்கொடை போல் சும்மா கொடுத்திருந்தால் வாங்கியவருக்குக் கள்ளம் தெரியுமா என்று நிரூபிக்கத் தேவையில்லை. காசுக்கு விற்றிருந்தால் வாங்கியவரும் அந்தக் கள்ளத்தில் பங்கென்று காட்டவேண்டும். அதனால்தான் லொறிக்குக் காசு கொடுத்த துண்டு இல்லாதது எங்களுக்குப் பெரிய உதவி. இதில் முதலாளியும் கம்பனியும் ஒன்று என்று ஆரிடமும் சொல்லத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மாறாக, லொறி கம்பனியுடைய சொத்து, மனைவியினுடையது அல்ல என்று கம்பனி வேறு ஆள் என்ற அதே விதியைப் பிடித்து நாங்கள் நின்றோம். திரை எங்களுக்கும் வேலை செய்தது.

மூன்றாவது லொறியில் இன்னொரு நுணுக்கம் இருந்தது, அதில் தோற்றோம். அந்த நெல்லுக்கு மில்லில் தந்த பொறுப்புச் சீட்டில் மில்லின் வியாபாரப் பெயர் மட்டும் அச்சடித்திருந்தது. லிமிட்டட் இல்லை, PV இலக்கம் இல்லை, கீழே முதலாளியின் கையெழுத்து. கடப்பாட்டை உண்டாக்கும் எந்தப் பத்திரத்திலும் தன் பெயரையும் இலக்கத்தையும் தெளிவாகப் போடவேண்டும் என்று கம்பனிகள் சட்டம் சொல்கிறது. பெயர் பிழையாக இருந்து கம்பனி காசைக் கட்டாவிட்டால், கையெழுத்துப் போட்டவர் தன் சொந்தக் காசில் பொறுப்பாகலாம். 19 இலட்சம் அதற்குள் விழும் என்று எனக்குச் சந்தோசம். ஆனால் அதே விதியில் ஒரு கதவு: எதிராளிக்கு அது கம்பனியின் கடப்பாடு என்று தெரிந்திருந்தால் கையெழுத்துக்காரர் தப்பலாம். முதல் இரண்டு பில்லிலும் நான் என் கையால் கம்பனி என்று எழுதி வைத்திருந்தேன். தெரியாது என்று எப்படிச் சொல்வது? இதே சீட்டு உங்கள் முதல் கொடுக்கல் வாங்கலாக இருந்தால் நிலைமை வேறு. அந்த மாதிரிச் சீட்டை எறியாமல் வைத்திருங்கள்.

“நான் இரிக்கன்தானே” என்று சொன்னாரே, அது பொறுப்பு நின்றது இல்லையா என்று கேட்டேன். இன்னொருவரின் கடனுக்குப் பிணை நிற்பது எழுத்தில், பிணைகாரரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. முப்பது பேர் சாட்சிக்கு வந்தாலும் வாய்ப்பேச்சு வாய்ப்பேச்சுத்தான். மார்ச் மாதம் ஒரு தாளில் நாலு வரி வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பணிப்பாளரை நேராகப் பிடிக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒரு வழி உண்டு, 219ஆம் பிரிவு. கம்பனியால் வரும் கடனைக் கட்ட ஏலாது என்று நம்பும் பணிப்பாளர் உடனே பணிப்பாளர் சபையைக் கூட்டி, கம்பனியை ஒடுக்குவதா, அதாவது சட்டப்படி கலைத்து முடிப்பதா, தொடர்ந்து நடத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். கூட்டாமல் தொடர்ந்து கடன் வாங்கி, பிறகு கம்பனி ஒடுக்கப்பட்டால், அந்தத் தொடர்ச்சியால் கடன் கொடுத்தவர்களுக்கு வந்த நட்டத்தை அவர் தன் கையால் கட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒடுக்கும் கம்பனியின் சொத்தைத் திரட்டிக் கடன்காரருக்குப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படும் லிக்குவிடேட்டர் மட்டுமல்ல, கடன் கொடுத்தவரும் கேட்கலாம். இது திரையைக் கிழிப்பது இல்லை, பணிப்பாளர் தானே செய்த பிழைக்குத் தானே பொறுப்பு. எங்களிடம் நல்ல ஆதாரம் இருந்தது. என் மூன்றாவது லொறி போன கிழமைக்கு முன்னமே கம்பனியின் இரண்டு செக் வேறு யாவாரிகளுக்குத் திரும்பியிருந்தது, மில் வேலையாட்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அதை எழுத்தில் எடுக்க அந்த யாவாரிகளைத் தேடி சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நாலு தடவை போனேன்.

ஆனால் இதற்குக் கம்பனி முதலில் ஒடுக்கப்பட வேண்டும். பதிவு அலுவலகத்தில் சட்டக் கோரிக்கை கையளித்து மூன்று கிழமை கட்டாமல் இருந்தால் கடனைக் கட்ட ஏலாத கம்பனி என்று கொள்ளலாம். ஆனால் ஒடுக்கல் மனு எங்களூர் மாவட்ட நீதிமன்றத்தில் இல்லை, கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில். மனுச் செலவு, கொழும்புச் சட்டத்தரணி, இரவு பஸ், லிக்குவிடேட்டரின் கூலி. கம்பனியில் சொத்து இல்லாவிட்டால் லிக்குவிடேட்டர் அசைய ஆரோ காசு போடவேண்டும், அது நாங்கள்தான். 37 இலட்சத்துக்கு அது சரிவருமா என்று கணக்குப் போட்டு, கோரிக்கையை மட்டும் முறையாகக் கையளித்து, மனுவை வரைந்து பையில் வைத்துக்கொண்டோம். பயன்பட்டது அந்த வரைவுதான். புது மில்லுக்கு வங்கிக் கடன் கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்குத் தன் பெயரில் 219 போவது பிடிக்காது.

செக் விடயம் வேறு பாதை. காசில்லை என்று தெரிந்தே கள்ள எண்ணத்தோடு செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். பொலிசில் முறைப்பாடு போட்டேன். அது ஆளைப் பயப்படுத்தும், காசைத் தானாகக் கொண்டுவராது. பின்திகதி போட்டு வாங்கிய செக்கில், எழுதும்போது காசில்லை என்பது உங்களுக்கும் தெரியும் என்று எதிர்ப்பக்கம் வாதாடும்.

வழக்கைக் கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் மார்ச் முதல் கிழமை பதிந்தோம், ஒரு வருடம் முடிய மூன்று கிழமை இருக்க. முதலாம் எதிராளி பழைய கம்பனி, கடனுக்கு. மற்ற இருவர் மனைவியும் புதுக் கம்பனியும், லொறியையும் நெல்லையும் மாற்றியதை நீக்க. லொறியை விற்கக்கூடாது என்று தடையுத்தரவு கிடைத்து, அதன் பிரதி மோட்டார் திணைக்களத்துக்குப் போனதும் காற்று மாறியது. அறுவடை நேரத்தில் லொறி முடங்கினால் மில்லுக்கு நட்டம். ஜூனில் சமரசம்: 24 இலட்சம், மாதம் 4 இலட்சமாக ஆறு தவணை. மிஸ் விட்டுக்கொடுக்காத ஒரு விடயம், சமரசத்தில் முதலாளி தன் சொந்தப் பெயரிலும் கையெழுத்துப் போடவேண்டும், அது நீதிமன்றத் தீர்ப்பாகப் பதியப்பட வேண்டும் என்பது. தவணை பிந்தினால் இனிக் கம்பனியைத் தேட வேண்டாம். விட்டது 13 இலட்சம், சட்டச் செலவும் அலைச்சலும் 3 இலட்சத்து 40 ஆயிரம், அடகு வட்டி கிட்டத்தட்ட 2 இலட்சத்து 80 ஆயிரம். நியாயமா என்று கேட்காதீர்கள். முழுத் தீர்ப்பு வரும்வரை நின்றிருந்தால் லொறி பழசாகி நானும் பழசாகியிருப்பேன்.

இந்தப் போகம் தொடங்க முதல் ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறேன். கம்பனிக்கு நெல் கொடுத்தால் பில்லோடு அதுவும் போகும். அதில் கம்பனியின் முழுப் பெயரும் PV இலக்கமும், அடுத்து பணிப்பாளர் தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் எழுதி, இந்தக் கம்பனி இனி வாங்கும் நெல்லின் பாக்கி எல்லாவற்றுக்கும் தனிப்பட்ட முறையில் பிணை நிற்கிறேன் என்று சொல்லும் வரி. அதற்குக் கீழே மிஸ் சேர்க்கச் சொன்ன வரி: முதலில் கம்பனியிடம் கேளுங்கள் என்று சொல்லும் பிணைகாரரின் உரிமையைக் கைவிடுகிறேன். அந்த வரி இல்லாவிட்டால் பிணைகாரர் உங்களைத் திரும்பக் கம்பனியிடம் அனுப்பலாம், அது பெரும்பாலும் வெறுங்கூடாகத்தான் இருக்கும். கையெழுத்து இரண்டு இடத்தில்: கம்பனிக்காக முத்திரையோடு ஒன்று, தனக்காக முத்திரை இல்லாமல் ஒன்று. இரண்டாவதில் “பணிப்பாளர்” என்று எழுத விடக்கூடாது, எழுதினால் அதுவும் கம்பனிக் கையெழுத்து என்று வாதம் வரும்.

போன கிழமை ஒரு மில்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணன், நம்பிக்கை இல்லையா” என்று கேட்டார். நம்பிக்கை இருக்கு, கம்பனி வேற ஆள் எண்டு கோட்டில சொல்றாங்க, அதுதான் ரெண்டு பேரிட கையெழுத்தும் வேணும் என்றேன். அவர் போடவில்லை. நெல்லைக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கைக்காசுக்கு இன்னொருவருக்கு ஏற்றிவிட்டேன்.